கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பதா, சின்ன பர்சனல் லோன் வாங்குவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்டுல பொருள் வாங்கினா 45, 50 நாள் வரைக்கும் வட்டி இல்லையே. ஏடிஎம்-ல பணம் எடுத்தாலும் அப்படித்தானே?

இல்லை. வட்டியில்லாத நாட்கள் என்பது பொருள் வாங்குவதற்கு மட்டும்தான். ஏடிஎம்மில் பணம் கையில் விழுந்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். பில் எப்போது வருகிறது, கெடு தேதி என்ன என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. அந்தத் தொகையை முழுசாக அடைக்கும் நாள் வரை, நாள் கணக்கில் வட்டி ஏறும்.

காரணம் எளிது. நீங்கள் கடையில் கார்டைத் தேய்க்கும்போது கடைக்காரர் ஒரு சிறு கமிஷன் கொடுக்கிறார். அதில் ஒரு பகுதி உங்கள் வங்கிக்குப் போகிறது. அதனால் சில வாரம் உங்களிடம் வட்டி வாங்காமல் இருப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. ரொக்கம் எடுக்கும்போது கடைக்காரர் என்று ஒருவர் இல்லை. வங்கிக்கு வர வேண்டிய மொத்தமும் உங்களிடமிருந்துதான் வர வேண்டும். அதனால் எடுத்ததற்கு ஒரு கட்டணம், வைத்திருக்கும் நாளுக்கு வட்டி, இரண்டுக்கும் மேல் ஜிஎஸ்டி.

சரி, 30,000 ரூபாய் எடுத்தா மொத்தம் எவ்வளவு செலவாகும்?

இந்தியாவில் பல வங்கிகளின் கார்டுகளில் இப்போது பரவலாக இருக்கும் விகிதத்தை வைத்தே போட்டுப் பார்ப்போம். ரொக்கம் எடுக்கும் கட்டணம் 2.5%, குறைந்தது 500 ரூபாய். வட்டி மாதம் 3.75%, அதாவது வருடத்துக்கு 45%. உங்கள் கார்டில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். கார்டோடு வந்த நிபந்தனைத் தாளில் இருக்கும். வங்கியின் இணையதளத்தில் எம்ஐடிசி என்ற பெயரில் கிடைக்கும்.

30,000-க்கு 2.5% என்றால் 750 ரூபாய். அதற்கு 18% ஜிஎஸ்டி 135. ஆக, ஏடிஎம்மை விட்டு வெளியே வருவதற்கு முன்பே 885 ரூபாய் செலவு. நாளைக்கே திருப்பிக் கட்டினாலும் இது திரும்ப வராது.

அப்புறம் வட்டி. 30,000-க்கு வருடம் 45% என்பதை 365 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 37 ரூபாய் வருகிறது. அதற்கும் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் கிட்டத்தட்ட 43 ரூபாய் 65 காசு. 10 நாளில் அடைத்தால் வட்டியும் வரியும் சேர்த்து 437, கட்டணத்தோடு 1,322 ரூபாய். 45 நாள் ஆனால் மொத்தம் சுமார் 2,850.

வட்டிக்கு ஜிஎஸ்டி என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சாதாரணக் கடன்களின் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது; கிரெடிட் கார்டு வட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. எனவே தாளில் 45% என்று இருந்தாலும் உங்கள் கையை விட்டுப் போவது 53.1%. கட்டணம் அதற்கு மேல்.

ஏடிஎம் ஒரே தடவையில 30,000 தரல. மூணு தடவை பத்தாயிரம் பத்தாயிரமா எடுத்தேன். கட்டணம் ஒண்ணுதானே?

ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணம். 10,000-க்கு 2.5% என்றால் 250 ரூபாய்தான். ஆனால் குறைந்தபட்சம் 500 என்று இருப்பதால் 500 பிடிப்பார்கள். மூன்று தடவைக்கு 1,500, ஜிஎஸ்டி 270, மொத்தம் 1,770. ஒரே தடவையில் எடுத்திருந்தால் 885 ஆகியிருக்கும்.

சின்னத் தொகை எடுப்பவர்களைத்தான் இது அதிகம் கடிக்கிறது. அவசரத்துக்கு 3,000 ரூபாய் எடுத்தவர் கட்டணமும் வரியுமாக 590 கொடுக்கிறார். அதாவது எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு, வட்டி தொடங்கும் முன்பே. கார்டில் எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், எவ்வளவு வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டு, ஏடிஎம் அனுமதிக்கும் வரை ஒரே தடவையில் எடுங்கள். இன்னொன்று, கார்டின் மொத்த வரம்பு முழுவதையும் ரொக்கமாக எடுக்க முடியாது. ரொக்கத்துக்குத் தனி வரம்பு உண்டு, அது பில்லிலேயே அச்சாகியிருக்கும்.

இதே 30,000-த்தை பர்சனல் லோனா வாங்கினா?

ஒரு வருடத் தவணை, வட்டி 18%, செயலாக்கக் கட்டணம் 2% என்று வைத்துக்கொள்வோம். நல்ல சம்பளக் கணக்கு உள்ளவருக்கு இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். மாதத் தவணை 2,750 ரூபாய். வருடம் முழுவதும் கட்டும் வட்டி சுமார் 3,005. செயலாக்கக் கட்டணம் 600, அதற்கு ஜிஎஸ்டி 108. எல்லாம் சேர்த்து 3,713 ரூபாய்.

கார்டில் எடுத்த 30,000-த்தையும் அதே ஒரு வருடத்தில், மாதம் 2,500 அசலும் அந்தந்த மாத வட்டியுமாகக் கட்டி முடித்தால் என்ன ஆகும்? வட்டி 7,312, அதற்கு ஜிஎஸ்டி 1,316, முதலில் பிடித்த 885. மொத்தம் 9,500-ஐத் தாண்டுகிறது. லோனைவிட இரண்டரை மடங்கு.

லோன் அவ்வளவு மலிவாகக் கிடைக்காது என்பவர்களுக்காக இன்னொரு கணக்கு. வட்டி 24%, செயலாக்கக் கட்டணம் 3% என்று வைத்தாலும் ஒரு வருடத்துக்கு மொத்தச் செலவு 5,100 ரூபாய் அளவில்தான் நிற்கிறது. கார்டில் ஆவதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மாதக்கணக்கில் திருப்பும் பணம் என்றால் கார்டு ரொக்கம் ஜெயிப்பதற்கு வழியே இல்லை.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. சில வங்கிகள் 50,000-க்குக் குறைந்து பர்சனல் லோன் தருவதில்லை. 30,000 தேவைக்கு 50,000 வாங்கினால் மிச்சம் 20,000-க்கும் வட்டி கட்ட வேண்டியிருக்கும், பெரும்பாலும் அது செலவாகியும் போய்விடும். அந்த நிலையில் சின்னத் தொகை தரும் நிதி நிறுவனத்தையோ, உங்களுக்குப் பழக்கமான கூட்டுறவுச் சங்கத்தையோ, வீட்டில் நகை இருந்தால் நகைக்கடனையோ விசாரிப்பது நல்லது.

"மாசம் ஒரு பர்சன்ட்தான் சார்"னு லோன் ஏஜென்ட் சொல்றாரு. அப்போ வருஷத்துக்கு 12% தானே?

அது நிலை வட்டியா, குறையும் அசலுக்கான வட்டியா என்று கேளுங்கள். நிலை வட்டி என்றால், நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக்கொண்டே வந்தாலும் கடைசி மாதம் வரை முழு 30,000-க்கே வட்டி போடுவார்கள். வருட வட்டி 3,600, தவணை 2,800. இதைக் குறையும் அசல் கணக்குக்கு மாற்றினால் வருடத்துக்கு சுமார் 21.5% வருகிறது. 18% என்று வெளிப்படையாகச் சொன்ன வங்கியைவிட இது அதிகம்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரே மருந்து கேஎஃப்எஸ் எனப்படும் முக்கிய விவரத் தாள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் தவணைக் கடன்களுக்கெல்லாம், கையெழுத்துக்கு முன்பே இந்தத் தாளைக் கொடுத்தாக வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும். வட்டி, செயலாக்கக் கட்டணம், கடனோடு கட்டிவிடும் காப்பீடு ஆகியவற்றைச் சேர்த்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று சொல்வது அதுதான். நான் மேலே சொன்ன 18% கடனுக்கே, 708 ரூபாய் கட்டணத்தை முன்கூட்டிப் பிடித்துக்கொண்டால் ஏபிஆர் சுமார் 22.6% ஆகிறது. இரண்டு இடத்தில் லோன் விசாரித்தால் வட்டி விகிதத்தை ஒப்பிடாதீர்கள். ஏபிஆரை ஒப்பிடுங்கள். தாளே தராமல் "அப்புறம் மெயிலில் வரும்" என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

எனக்குப் பத்து நாள்ல பணம் வந்துடும். அதுக்குப் போய் லோன் வாங்கணுமா?

இங்கேதான் கார்டு ரொக்கத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பர்சனல் லோனைச் சில நாட்களிலேயே அடைக்கப் போனால் முன்கூட்டி முடிக்கும் கட்டணம் கேட்பார்கள். சில இடங்களில் குறிப்பிட்ட தவணைகள் கட்டும் வரை முடிக்கவே விடமாட்டார்கள். பர்சனல் லோன்கள் பெரும்பாலும் மாறாத வட்டியில் இருப்பதால் இப்படிக் கட்டணம் வாங்க அவர்களுக்கு இடம் உண்டு.

அந்தக் கட்டணம் 4% என்றால், 30,000-க்கு 1,200, ஜிஎஸ்டி சேர்த்து 1,416. ஏற்கெனவே கட்டிய செயலாக்கக் கட்டணம் 708, பத்து நாள் வட்டி 148. ஆக 2,272 ரூபாய். கார்டில் அதே பத்து நாளுக்கு 1,322-தான். இரண்டும் சமமாகும் இடம் சுமார் 43-ஆம் நாளில் வருகிறது. அதற்குள் நிச்சயமாக அடைத்துவிடுவீர்கள் என்றால் கார்டு மலிவு. முன்கூட்டி முடிக்கக் கட்டணமே இல்லாத லோன் என்றால், முதல் நாளிலிருந்தே லோன்தான் மலிவு. இதுவும் கேஎஃப்எஸ் தாளில் எழுதியிருக்கும். செயலி வழியாக வாங்கும் டிஜிட்டல் கடனாக இருந்தால், குறைந்தது ஒரு நாளாவது "வேண்டாம்" என்று திருப்பிக் கொடுக்கும் அவகாசமும் உண்டு.

ஆனால் "பத்து நாள்ல வந்துடும்" என்பதை நீங்களே ஒரு தடவை கறாராகப் பாருங்கள். சம்பளம், முதிர்வு தேதி குறித்த டெபாசிட் என்றால் சரி. நண்பர் தருவதாகச் சொன்ன பணம், சீட்டு எடுக்கலாம் என்ற எண்ணம், பார்ட்டி பில் பாஸ் ஆகும் என்ற நம்பிக்கை இதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. பத்து நாள் நாலு மாதமாக இழுத்துக்கொண்டு போன கதைகள்தான் அதிகம்.

பில் வந்ததும் முழுத் தொகையையும் கெடு தேதிக்கு முன்னாடியே கட்டிட்டேன். அடுத்த மாசமும் வட்டி போட்டிருக்காங்க. ஏமாத்துறாங்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை. பில் எந்த நாள் வரை கணக்குப் போடுகிறது என்பதுதான் விஷயம். ஜூன் 5-ல் 30,000 எடுத்தீர்கள், ஜூன் 20-ல் பில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த பில்லில் 15 நாள் வட்டி 555, அதற்கு ஜிஎஸ்டி 100, எடுத்த கட்டணம் 885, அசல் 30,000 சேர்ந்து 31,540 இருக்கும். கெடு ஜூலை 10. நீங்களும் ஜூலை 10-ல் 31,540 கட்டுகிறீர்கள். ஆனால் ஜூன் 20-க்கும் ஜூலை 10-க்கும் நடுவில் 20 நாள் அந்த 30,000 உங்களிடமே இருந்தது. அதற்கான வட்டி 740, ஜிஎஸ்டி 133, ஆக 873 ரூபாய் அடுத்த பில்லில் வருகிறது.

பொருள் வாங்கிப் பழகியவர்கள் கெடு தேதி வரை காத்திருப்பது வழக்கம். ரொக்கத்துக்கு அந்தக் காத்திருப்பு நேரடிச் செலவு. பில் வரும் வரைகூட நிற்காதீர்கள். பணம் வந்த அன்றே கட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நீங்கள் 30,000 கட்டினால் அது நேராக ரொக்கக் கடனில்தான் கழியும் என்று நினைக்க வேண்டாம். வரி, கட்டணம், வட்டி, அப்புறம் மற்ற பாக்கிகள் என்று வங்கிக்கு ஒரு வரிசை உண்டு. அது வங்கிக்கு வங்கி மாறும். செயலியில் பில் தொகையை மட்டும் பார்க்காமல் மொத்த நிலுவை என்ன என்று பார்த்து, பில்லில் இன்னும் ஏறாததையும் சேர்த்து அடைத்தால்தான் வட்டி நிற்கும்.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டிட்டு வந்தா?

தாமதக் கட்டணம் வராது, சிபில் அறிக்கையில் தவறியதாகவும் வராது. அதைத் தவிர எல்லாமே உங்களுக்கு எதிராகப் போகும். ரொக்கத்தின் வட்டி அப்படியே ஓடும். அதோடு அந்த மாதம் பொருள் வாங்கியதற்கு இருந்த வட்டியில்லா நாட்களும் போய்விடும். மளிகை, பெட்ரோல், குழந்தையின் யூனிபாரம் என்று 12,000-க்குக் கார்டைத் தேய்த்திருந்தால், அதற்கும் வாங்கிய நாளிலிருந்தே 3.75% போடுவார்கள். ஒரு மாதத்துக்கு 450, ஜிஎஸ்டியோடு 531. புதிதாக வாங்குவதற்கும் இதே கதிதான், பாக்கி முழுசாகத் தீரும் வரை.

என்னைப் பொறுத்தவரை ரொக்கம் எடுப்பதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான். 30,000 கடன், பக்கத்தில் இருந்த வட்டியில்லாத 12,000-த்தையும் வட்டிக் கடனாக மாற்றிவிடுகிறது. முழுசாகக் கட்ட முடியாத மாதங்களில் அன்றாடச் செலவுக்கு அந்தக் கார்டைத் தொடாமல் இருப்பது மிக முக்கியம்.

இவ்வளவு வட்டி வாங்க சட்டத்துல இடம் இருக்கா? 30%-க்கு மேல போகக் கூடாதுன்னு படிச்ச ஞாபகம்.

2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் அப்படி ஒரு தீர்ப்புச் சொன்னது உண்மை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. இப்போதைக்கு கார்டு வட்டிக்கு அப்படி ஓர் எண் உச்சவரம்பு இல்லை. ஆனால் ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளில் உங்களுக்குச் சாதகமான ஒரு அம்சம் உண்டு. கட்டாமல் விட்ட கட்டணங்களையும் வரிகளையும் அசலோடு சேர்த்து அவற்றுக்கும் வட்டி போடக் கூடாது. பில்லைச் சரிபார்க்கும்போது இதைக் கவனியுங்கள்.

கார்டு வங்கியிலிருந்தே "உங்களுக்கு லோன் ரெடி"ன்னு மெசேஜ் வருது. அதுவும் இதே மாதிரிதானா?

வேறு. அது கார்டின் மேல் தரும் தவணைக் கடன். பணம் உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வரும், மாதத் தவணை பில்லோடு சேர்ந்து வரும். வட்டி ஏடிஎம் ரொக்கத்தைவிட வெகுவாகக் குறைவு, உடனேயும் கிடைக்கும். ஏடிஎம் பக்கம் போகும் முன் இதைப் பார்ப்பது புத்திசாலித்தனம். வெளியில் வாங்கும் பர்சனல் லோனோடு ஒப்பிடும்போது மட்டும், இதன் வட்டிக்கும் வங்கிகள் பொதுவாக 18% ஜிஎஸ்டி வாங்குகின்றன என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 16% என்று சொன்னால் உண்மையில் 18.9% ஆகிறது.

கடையில கார்டைத் தேய்ச்சா ரெண்டு பர்சன்ட் பிடிச்சுக்கிட்டு பணமா தர்றாங்களே. அது மலிவில்லையா?

கணக்குக்கு மலிவுதான். ஆனால் அது வாங்காத பொருளுக்குப் போடும் பொய் பில். கார்டு ஒப்பந்தத்துக்கு விரோதம்; ஒரே கடையில் வட்டமான பெரிய தொகைகள் திரும்பத் திரும்ப விழுந்தால் வங்கியின் கண்ணில் படும். கார்டை முடக்கி, மொத்த பாக்கியையும் உடனே கேட்கலாம். அதைவிட, அறிமுகமில்லாத ஆளிடம் கார்டைக் கொடுக்கும் ஆபத்தும் இருக்கிறது. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நான் ஏற்கெனவே எடுத்துட்டேன். மூணு மாசமா குறைந்தபட்சம்தான் கட்டிட்டு வர்றேன். இப்போ என்ன செய்யறது?

லோன் வாங்கி இதை அடைப்பது இப்போதும் லாபம்தான். கட்டணம் போனது போனதுதான், ஆனால் 53% ஓட்டத்தை 20-களுக்குக் கொண்டுவரலாம். கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, பில்லில் வந்தது, வராதது எல்லாம் சேர்த்து இன்றைக்கு முழு நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். அதை மட்டும் லோனாக வாங்குங்கள், கூடுதலாக வேண்டாம். ஒரே வாரத்தில் ஐந்தாறு இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் சிபிலில் பதிவாகும், அடுத்தவர் தயங்குவார். முதலில் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் கேளுங்கள்.

லோன் பணம் வந்த அன்றே கார்டில் கட்டிவிடுங்கள். அடுத்த பில்லில் இடைப்பட்ட நாட்களின் வட்டி கொஞ்சம் வரும், அதையும் அடையுங்கள். அதற்கடுத்த பில்லிலும் வட்டி வந்தால் எந்தத் தொகைக்கு, எந்த நாளிலிருந்து என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. வங்கிக்கு அனுப்பிய புகாரின் நகலையும் பில்களையும் கையில் வைத்திருங்கள்.